மாசிப் பனி ஏன் பிந்தி வருகிறது

(ஹட்டனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22ஆம் திகதி வருகிறது. அன்றோடு சூரியன் தெற்கே போகும் பயணம் முடிந்து வடக்கே திரும்புகிறது. அப்படியானால் அன்றுதான் நமக்கு உச்சக் குளிராக இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து குளிர் குறைய வேண்டும். ஆனால் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படிந்தது என்று பத்திரிகையில் படம் வருவது பெரும்பாலும் ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதையே. மார்கழிப் பனியை அந்தப் பழமொழி கண்டுகொள்ளவே இல்லை. குறுகிய பகல் வருவதோ மார்கழியின் முதல் வாரத்தில்.

இந்த ஒரு மாதம், ஒன்றரை மாதத் தாமதம் எங்கிருந்து வருகிறது? இதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு விடை இருக்கிறது. அது சரியான விடைதான். ஆனால் ஐரோப்பாவுக்குப் பொருந்துகிற அளவு அது நம் மலைக்குப் பொருந்தாது. முதலில் அந்த விடையைச் சொல்லிவிட்டு, பிறகு நம் மலை எந்த இடத்தில் அதை மீறுகிறது என்று பார்ப்போம்.

ஒரு குடும்பத்தின் கைக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவு 30,000 ரூபாய். டிசம்பரில் வருமானம் 20,000. அதுதான் ஆண்டிலேயே குறைந்த வருமானம். ஜனவரியில் 24,000, பெப்ரவரியில் 28,000, மார்ச்சில் 32,000. வருமானம் டிசம்பருக்குப் பிறகு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அலுமாரியில் இருக்கும் சேமிப்பு ஜனவரியிலும் குறைகிறது, பெப்ரவரியிலும் குறைகிறது. வரவு செலவைத் தாண்டுகிற மார்ச்சில்தான் அது மறுபடி ஏறும். வருமானம் குறைந்த மாதம் டிசம்பர். கை வறண்ட நேரம் பெப்ரவரிக் கடைசி. சூரிய ஒளிதான் வருமானம். நிலமும் நீரும் காற்றும் இரவும் பகலும் விண்வெளிக்கு வீசிவிடும் வெப்பம்தான் செலவு. வெப்பமானி காட்டுவது சேமிப்பை.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கை வறண்டால் குடும்பம் செலவைச் சுருக்கும். நிலமும் அப்படியே: குளிரக் குளிர அது வீசும் வெப்பமும் குறைகிறது. அதனால் வரவும் செலவும் சீக்கிரமே சமப்பட்டு, தாமதமும் சுருங்குகிறது. சேமிப்புப் பெரிதாக இருந்து, செலவு கொஞ்சமும் சுருங்காமல் இருந்தால் தாமதம் மூன்று மாதம் வரை, அதாவது ஆண்டின் கால்பங்கு வரை போகலாம். அதற்கு மேல் போக முடியாது. மிதவெப்ப நாடுகளின் உள்நிலத்தில் இது ஏறக்குறைய நான்கு வாரம். கடலோரங்களில் இன்னும் கூடுதல். கடல் நீர் பெரிய சேமிப்பு. அலையும் காற்றும் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அதைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், குளிரவும் நாளெடுக்கும், சூடேறவும் நாளெடுக்கும்.

தாமதத்தை ஒவ்வொரு நாளும் நாம் பார்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு. உச்ச வெப்பம் இரண்டு மணிக்கு மேல். இரவின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவல்ல, பொழுது விடிகிற நேரம். பெரட்டுக்களத்துக்கு நடந்து போகும் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மண்ணுக்குள் இந்தத் தாமதம் இன்னும் அழகாகத் தெரியும். மேலே நடக்கும் சூடும் குளிரும் ஓர் அலைபோல மெல்லக் கீழே இறங்குகின்றன. சாதாரண ஈர மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்தை அடைய அந்த ஆண்டு அலைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். இறங்க இறங்க அலையின் வீச்சும் தேயும். இதை மிகத் துப்புரவாக அளந்தவர் ஸ்கொட்லாந்தில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியர். 1837இல் எடின்பரோவின் கால்டன் குன்றில், பாறைக்குள் வெவ்வேறு ஆழங்களில் நீண்ட தண்டு வெப்பமானிகளைப் புதைத்தார். மிக ஆழமானது 24 பிரெஞ்சு அடி, ஏறக்குறைய எட்டு மீட்டர். மேலே ஜூலையில் அடித்த கோடை அந்த ஆழத்தை அடைந்தது ஜனவரியை ஒட்டி. வெளியே பனி கொட்டும்போது பாறைக்குள் கோடை! நம் தோட்டங்கள் பலவற்றுக்கு ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போன துரைமார் இந்தக் கணக்கையும் இங்கே எழுதி வைத்திருக்கலாம். அது நடக்கவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கேதான் பாடப்புத்தகம் தடுமாறுகிறது.

நுவரெலியா ஏழு பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. எடின்பரோவில் டிசம்பர்ப் பகல் ஏழு மணித்தியாலம், ஜூன் பகல் பதினேழரை மணித்தியாலம். இங்கே டிசம்பர் 21இல் பகல் 11 மணி 43 நிமிடம். ஜூன் 21இல் 12 மணி 31 நிமிடம். முழு ஆண்டிலும் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கிறது. முகிலையும் காற்றையும் ஒதுக்கிவிட்டு, வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் ஒளியை நாள் முழுவதுக்கும் சராசரியாக்கிப் பார்த்தால், டிசம்பர் 21இல் சுமார் 375 வாட். சூரியன் நம் தலைக்கு நேரே வரும் ஏப்ரல் முதல் வாரத்தில் சுமார் 435. பெப்ரவரி 20ஆம் திகதியில் சுமார் 415.

இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பாருங்கள். வருமானத்தின் ஏற்றத்தாழ்வு இவ்வளவு சிறியது. பெப்ரவரி 20 வருவதற்குள் அந்த ஏற்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தே போகிறது. ஆனாலும் பெப்ரவரி இரவுகள் டிசம்பர் இரவுகளைவிடக் குளிர்ந்தவை. இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையின் சராசரி அந்த மாதத்தில் 9 பாகை செல்சியஸை ஒட்டி வருகிறது. வரவுக் கணக்கை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. மலை மண்ணில் அவ்வளவு பெரிய சேமிப்பும் கிடையாது. அப்படியானால் செலவுக் கணக்கைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

பத்துப் பாகையில் இருக்கும் தரை, ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறக்குறைய 360 வாட் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே வீசுகிறது. டிசம்பரிலும் பெப்ரவரியிலும் இது ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது, வானம் திருப்பித் தரும் பங்கு. தாழ்ந்த முகில் மூடிய இரவில் முகிலின் அடிப்பக்கம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி வீசிவிடும். நிகர இழப்பு பத்து, இருபது வாட் அளவில் நின்றுவிடும். முகிலில்லாத, நீராவி குறைந்த இரவில் நிகர இழப்பு எண்பது வாட்டை எட்டும். பன்னிரண்டு மணித்தியாலம் இப்படி ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டிசம்பரில் நம் வானத்துக்கு மூடி இருக்கிறது. பெப்ரவரியில் மூடி திறந்திருக்கிறது.

ஏன் அப்படி? இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் வடகீழ்ப் பருவக்காற்றின் காலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை மலை முழுவதையும் நனைக்கிறது. டிசம்பரில் வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு காற்று வந்து கிழக்குச் சரிவுகளில் மோதி மழையாகிறது. மலை முகட்டைத் தாண்டி முகில் நமக்கும் வருகிறது. ஜனவரி நகர நகர அந்தக் காற்றின் ஈரம் வற்றுகிறது. வட இந்திய நிலப்பரப்பு தன் சொந்தத் தாமதக் கணக்குப்படி ஜனவரியில்தான் மிகக் குளிர்கிறது. விரிகுடாவின் மேற்பரப்பும் ஜனவரி, பெப்ரவரியில்தான் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பத்துக்கு இறங்குகிறது. குளிர்ந்த நீரின் மேலே வரும் காற்று குறைவாகவே ஈரத்தை ஏந்தும். ஆகவே நம் மலையின் தாமதத்தில் ஒரு பகுதி இறக்குமதிச் சரக்கு: கங்கைச் சமவெளியும் கடலும் பிந்திக் குளிர்வதால் நம் வானமும் பிந்தித் தெளிகிறது.

மண்ணும் இதற்குத் துணைபோகிறது. டிசம்பரில் நனைந்து ஊறிய மண் பகல் வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல மேலே அனுப்பும். பெப்ரவரியில் மேல்மண் உலர்ந்து பொடியாகிறது. உலர்ந்த மண் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. கீழே சூடு இருந்தாலும் மேலே வந்து சேராது. மேற்குச் சரிவுகளில் திம்புலைத் தேயிலையின் தரமான பருவம் என்று தரகர்கள் சொல்கிற ஜனவரி முதல் மார்ச் வரையான காலமும் இதுதான். வறண்ட காற்று, தெளிந்த பகல், குளிர்ந்த இரவு, மெதுவாக வளரும் கொழுந்து. விலையை ஏற்றுவதும் உறைபனியைக் கொண்டுவருவதும் ஒரே வானம்.

ஓர் உறைபனி இரவை மாலையிலிருந்து பின்தொடர்ந்து பார்ப்போம். மலையின் அடியில் ஓடையை ஒட்டிய பள்ளத்தில் ஒரு தேயிலை மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமையாக மழையில்லை. நான்கு மணிக்கு வானம் கழுவிவிட்டாற்போல நீலம். ஆறு மணிக்குக் காற்று ஓய்கிறது. இது முக்கியம், காற்று வீசினால் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே கலந்துவிடும், உறைபனி வராது. சூரியன் மறைந்ததும் இலைகள் வானத்தைப் பார்த்து வெப்பத்தை வீசத் தொடங்குகின்றன. இலை மெல்லியது, சேமிப்பே இல்லாதது; சுற்றியுள்ள காற்றைவிட அது இரண்டு மூன்று பாகை கீழே போகும். இலையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர்போலச் சரிவில் வழிந்து இறங்குகிறது. பள்ளத்தில் அது குளம் கட்டுகிறது. நடுச்சரிவில் லயத்து வாசலில் நிற்பவருக்கு ஆறு பாகை. அதற்கு முப்பது மீட்டர் கீழே பள்ளத்தில் ஒரு பாகை. நுவரெலியாவில் குதிரைப்பந்தயத் திடலும் ஏரியோரமும் முதலில் வெளுப்பது இதனால்தான். அவை நகரத்தின் அடிக்கிண்ணம்.

எட்டு ஒன்பது மணிக்கு ஒரு சோதனை செய்யலாம். புல்லைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே நனைந்திருந்தால் பயம் குறைவு. நீராவி பனித்துளியாக மாறும்போது வெப்பத்தை விடுகிறது. அது குளிர்ச்சியின் வேகத்துக்குப் பிரேக். பனி கொட்டுகிறதே, விடிந்தால் எல்லாம் கருகிவிடும் என்று சொல்வார்கள். உண்மை நேர் எதிர். ஒன்பது மணிக்கும் புல் உலர்ந்தே இருந்து, கன்னத்தில் குளிர் கடித்தால்தான் கவலைப்பட வேண்டும். காற்றில் ஈரம் இல்லை. வழியில் பிரேக் பிடிக்க எதுவும் இல்லாமல் வெப்பநிலை பூச்சியம் வரை இறங்கலாம்.

விடியற்காலை வளிமண்டலவியல் நிலையத்தின் வெப்பமானி மூன்று அல்லது நான்கு பாகை காட்டும். பள்ளத்தில் புல் வெள்ளையாகியிருக்கும். பொய் சொல்கிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், இரண்டும் உண்மை. நிலையத்தின் வெப்பமானி மனிதரின் மார்பளவு உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. அது காற்றை அளக்கிறது. புல்லும் கொழுந்தும் வானத்துக்கு நேரே மல்லாந்து கிடக்கின்றன. தோட்டத்துக்கு வேண்டியது புல் உயரத்தில் திறந்த வெளியில் கிடைமட்டமாக வைக்கும் ஒரு குறைந்தபட்ச வெப்பமானி. அதுவும் துரையின் பங்களா முற்றத்தில் வைத்தால் போதாது, பள்ளத்தில் வைக்க வேண்டும்.

லயத்துத் தகரக் கூரையும் இந்த இலை செய்வதையே செய்கிறது. மெல்லிய தகரம் இரவில் வானத்துக்கு வெப்பத்தை வீசி அறைக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளே உறங்குபவர்களின் மூச்சும் அடுப்பங்கரை ஆவியும் அதன் அடியில் துளியாகிச் சொட்டும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்றால் யாராவது கவிதை என்று நினைக்கலாம். கூரை ஒழுகுவது மழையினாலல்ல, பனியினால் என்று நம் தாய்மார் சொன்னதை நான் பௌதிகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். தகரத்துக்குக் கீழே ஓர் உட்கூரை இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். நூற்றாண்டைத் தாண்டிய லயங்களுக்கு இன்றும் அது இல்லை என்பது பௌதிகத்துக்கு வெளியே உள்ள விஷயம்.

கவ்வாத்து வெட்டிய குப்பையைச் செடியடியில் பரப்புவது மண்ணின் ஈரத்துக்கு நல்லது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் உறைபனி இரவில் அது ஒரு போர்வை. மண்ணின் சூடு மேலே வராமல் தடுக்கும். போர்வைக்குக் கீழே வேர் சுகமாக இருக்கும், மேலே கொழுந்து கருகும். பள்ளத்து மலைகளில் இதை நினைவில் வைத்து முடிவெடுக்க வேண்டும். நிழல்மரம் வேறு மாதிரி: அது வானத்தின் ஒரு பகுதியை மறைப்பதால் அதன் அடியில் இருக்கும் செடி தப்பிக்கும். நிழல்மரத்தின் கிளைகளைக் கடுமையாக வெட்டிவிட்ட ஆண்டில் அந்த மலையின் கருகல் கூடுவது இதனால்.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இந்தக் காலத்தில் இன்னொரு கொடுமையும் சேர்கிறது. குறுகிய பகல் டிசம்பரில் முடிந்தாலும் சூரியன் உதிக்கும் நேரம் பிந்திக்கொண்டே போகிறது. டிசம்பர் 21இல் இங்கே சூரிய உதயம் சுமார் 6 மணி 14 நிமிடம். ஜனவரிக் கடைசியில் சுமார் 6 மணி 26 நிமிடம். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து, சூரியனின் நண்பகலை அந்த வாரங்களில் நம் கடிகாரத்துக்குப் பின்னே தள்ளுகின்றன. கூடிய பகல் முழுவதும் மாலைப் பக்கத்தில் சேர்கிறது; காலைப் பக்கம் இன்னும் பன்னிரண்டு நிமிடம் வெட்டுப்படுகிறது. குளிரை இது கூட்டவில்லை. ஆனால் பெரட்டு கடிகாரத்துக்குத்தான் நடக்கிறது. இரவின் மிகக் குளிர்ந்த நொடி அதற்கு இன்னும் நெருங்கி வந்துவிடுகிறது. மலை முகடு சூரியனை மறைக்கும் லயங்களில் வெயில் வர இன்னும் அரைமணியாவது போகும்.

ஒரு கேள்வி உங்களில் சிலரிடம் தயாராக இருக்கும்: எங்களுக்கு ஆடியில்தானே பகலெல்லாம் நடுங்குகிறது? ஆம். அதை மறைத்தால் நான் சொன்னது பாதிக் கணக்கு. நுவரெலியாவின் பகல் உச்ச வெப்பநிலையின் சராசரி ஜூலையில் 18, 19 பாகைதான். ஆண்டிலேயே குறைந்த பகல் வெப்பம் அது. பெப்ரவரிப் பகல் அதைவிட இரண்டு பாகையாவது சூடு. ஜூலையில் சூரியன் நண்பகலில் 75 பாகைக்கும் மேலே நிற்கிறது, பகலும் நீளம். ஆனால் தென்மேல் பருவக்காற்றின் முகில் அந்த வருமானத்தை வாசலிலேயே மறித்துவிடுகிறது. அதே முகில் இரவில் செலவையும் மறிக்கிறது. அதனால் ஜூலை இரவுகள் 13 பாகையை ஒட்டி நிற்கின்றன, உறைபனி எட்டிப் பார்ப்பதில்லை. ஆக நமக்கு இரண்டு குளிர்கள். ஒன்று ஆடியின் ஈரக் குளிர், பகலுக்கு உரியது. மற்றது மாசியின் வறண்ட குளிர், விடியலுக்கு உரியது. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதம் ஜனவரி என்று வரும். எடின்பரோவுக்கும் ஜனவரி என்றுதான் வரும். விடை ஒன்றாக இருப்பதைப் பார்த்துக் காரணமும் ஒன்றென்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அங்கே சூரியக் கணக்கின் தாமதம் பெரும்பங்கு; இங்கே அது சிறுபங்கு, மழைக்காலம் முடிந்து வானம் திறக்கும் தாமதமே பெரிது.

இதைச் சோதிக்க ஒரு வழியும் உண்டு. தாமதம் சூரியனால் மட்டும் என்றால் குளிர் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வர வேண்டும். நம் உறைபனி அப்படி வருவதில்லை. வடகீழ்க் காற்று சீக்கிரம் வறண்ட ஆண்டில் ஜனவரி முதல் வாரத்திலேயே வந்துவிடும்; ஜனவரி முழுவதும் முகிலும் தூறலுமாக இருந்த ஆண்டில் பெப்ரவரி நடுவில் வரும்; சில ஆண்டுகளில் ஒரு பள்ளத்தில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே நாட்காட்டியில் ஒரு திகதியைக் குறித்துவைத்து அதற்குக் காவல் நிற்பதில் பயனில்லை. மழை நின்று எத்தனை நாள், மாலையில் காற்று ஓய்ந்ததா, ஒன்பது மணிக்குப் புல் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பவருக்கு அன்றிரவு பள்ளத்து மலை வெளுக்குமா என்பது பெரும்பாலும் படுக்கைக்குப் போகுமுன்னே தெரிந்துவிடும்.